நாலு தொகுதி, இருபது பாத்தி: ஒரு குறுவை நெல் ஆய்வின் கணக்கு

வயலின் மண் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்காது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு வகுக்கப்படும் ஆய்வு முறைதான் சமவாய்ப்புத் தொகுதி அமைப்பு. மண் ஏறக்குறைய ஒத்திருக்கும் பகுதிகளாக வயலைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு தொகுதி ஆக்குகிறார்கள். சோதிக்கவேண்டிய எல்லா அளவுகளும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒருமுறை இடம்பெறும். தொகுதிக்குள் எந்தப் பாத்திக்கு எந்த அளவு என்பதைச் சீட்டு தீர்மானிக்கும். இந்த முறைக்கும், அதன் விளைச்சலைக் கணக்கிடும் மாறுபாட்டுப் பகுப்பாய்வுக்கும் அடித்தளம் இட்டவர் ஆர். ஏ. ஃபிஷர். 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வுப் பண்ணையில் சேர்ந்த அவர், 1926இல் வயல் ஆய்வுகளை அமைக்கும் முறை பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். பகுப்பாய்வின் முடிவில் வரும் விகிதத்துக்கு எஃப் என்ற எழுத்தைச் சூட்டியவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஸ்னெடெகார். ஃபிஷரின் பெயரின் முதலெழுத்து அது.

இங்கே விவரிக்கப்படுவது காவிரி டெல்டாவில் ஒரு குறுவைப் பருவத்தில் நடந்த ஆய்வு. இளநிலை வேளாண்மை இறுதியாண்டு மாணவர் குழு ஒன்று, கட்டுரையாளரும் அதில் ஒருவர், கல்லூரிப் பண்ணையின் நஞ்சை நிலத்தில் ஆடுதுறை 43 நெல்லை வைத்து அதைச் செய்தது. ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு வரும் சன்ன ரகம் அது. குழு எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது. சுற்றுவட்டார விவசாயிகள் பலர் யூரியாவைத் தாராளமாகப் போடுகிறார்கள். தழைச்சத்தை எந்த அளவுக்குமேல் கூட்டினால் விளைச்சல் கூடுவதில்லை? அதற்காக ஹெக்டேருக்கு 0, 40, 80, 120, 160 கிலோ தழைச்சத்து என ஐந்து அளவுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. சமமான இடைவெளியில் அளவுகளை வைத்ததற்குக் காரணம் உண்டு. விளைச்சல் எப்படி ஏறி எங்கே நிற்கிறது என்பதைப் பின்னால் ஒரு வளைகோடாக வரைவது அப்போது எளிது.

அடுத்த முடிவு, எத்தனை தொகுதி என்பது. ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து அளவுகளும் வருவதால், தொகுதிகளின் எண்ணிக்கையும் ஒவ்வோர் அளவு திரும்பச் சோதிக்கப்படும் எண்ணிக்கையும் ஒன்றே. வழிகாட்டிப் பேராசிரியர் இதைப் பிழையின் சுதந்திரப் பாகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடச் சொன்னார். அளவுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, தொகுதிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, இரண்டையும் பெருக்கினால் அது கிடைக்கும். மூன்று தொகுதி என்றால் 4 × 2 = 8; நான்கு என்றால் 4 × 3 = 12. பிழையை ஓரளவு நம்பிக்கையோடு மதிப்பிடக் குறைந்தது 12 வேண்டும் என்பது வயல் ஆய்வுகளில் வழக்கமாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. அதனால் நான்கு தொகுதிகள், மொத்தம் இருபது பாத்திகள் என்று முடிவாயிற்று.

தொகுதியை எந்தத் திசையில் போடுவது என்பதுதான் இந்த வேலையில் அதிகம் யோசிக்கவேண்டிய இடம். புத்தகம் "வளம் மாறும் திசைக்குக் குறுக்கே போடுக" என்று சொல்லும். வளம் எந்தத் திசையில் மாறுகிறது என்பதை வயல்தான் சொல்லவேண்டும். தேர்ந்தெடுத்த நிலத்தில் வாய்க்கால் வடக்கே ஓடியது, வடிகால் தெற்கே இருந்தது. முந்தின பயிரைப் பார்த்திருந்த பண்ணை மேஸ்திரி, "தம்பி, மடை ஓரத்துல பயிரு எப்பவுமே ஒரு கை உசந்துதான் நிக்கும். வடிகா பக்கம் போகப் போகச் சோந்து போவும்" என்றார். பாசனநீர் கொண்டுவரும் வண்டல் மடையை ஒட்டியே முதலில் படிவதும், தண்ணீர் அங்கே முதலில் சேர்வதும் இதற்குக் காரணம். ஆகவே வளம் வடக்கிலிருந்து தெற்காகக் குறைந்தது. தொகுதிகள் கிழக்கு மேற்காக, ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கு நோக்கி அடுக்கப்பட்டன. முதல் தொகுதியின் ஐந்து பாத்திகளும் வாய்க்காலிலிருந்து ஒரே தொலைவில் இருந்தன; நான்காம் தொகுதியின் ஐந்தும் வடிகாலை ஒட்டி இருந்தன. தொகுதிக்கும் தொகுதிக்கும் இடையே வளம் எவ்வளவு மாறினாலும் ஒப்பீட்டைக் கெடுக்காது. ஒரே தொகுதிக்குள் மாறினால்தான் கெடுக்கும். இதே தொகுதிகளை வடக்கு தெற்காகப் போட்டிருந்தால், ஒவ்வொரு தொகுதியும் மடையில் தொடங்கி வடிகாலில் முடிந்திருக்கும். மண்ணின் வேறுபாடு முழுவதும் தொகுதிக்குள் போய்ப் பிழையாக மாறியிருக்கும்.

ஒவ்வொரு பாத்தியும் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், அதாவது 20 சதுர மீட்டர். நீளப்பக்கம் வடக்கு தெற்காக, வளம் மாறும் திசையிலேயே வைக்கப்பட்டது. பக்கத்துப் பாத்திகள் எல்லாம் அந்த மாற்றத்தை ஒரே அளவில் தமக்குள் வாங்கிக்கொள்ள அது வழிசெய்யும். வரப்பும் வாய்க்காலும் சேர்த்து ஏறத்தாழ 15 சென்ட் நிலம் தேவைப்பட்டது. தழைச்சத்து ஆய்வில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் கசிந்தால் உரமும் கூடவே போகும். அதனால் பாத்திகளுக்கிடையே இரட்டை வரப்பு கட்டி, நடுவில் சிறு கால் எடுத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் தனி வாய்க்கால் விடப்பட்டது. ஒரு பாத்தித் தண்ணீர் இன்னொன்றின் வழியாகப் பாயாதபடி பார்த்துக்கொள்வது அன்றாட வேலை ஆயிற்று. நண்டுவளை விழுந்த வரப்பைச் சேறு பூசி அடைப்பதும் அதில் அடக்கம்.

சீட்டுக் குலுக்கல் ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியாக நடக்கவேண்டும். ஒரே வரிசையை நான்கு தொகுதிக்கும் எழுதிவிட்டால், ஓர் அளவு எப்போதும் மேற்கு ஓரத்திலேயே நிற்கும். அந்த ஓரத்தில் ஒரு மரநிழல் விழுந்தாலும் அது உரத்தின் விளைவாகப் பதிவாகிவிடும். குலுக்கலில் முதல் தொகுதிக்கு 80, 160, 0, 120, 40 என்ற வரிசை விழுந்தது. தழைச்சத்தே இல்லாத பாத்தி, 160 கிலோ பாத்தியை ஒட்டி அமைந்துவிட்டது. அதை மாற்றிவிடலாமே என்ற எண்ணம் குழுவில் எழுந்தது. பேராசிரியர் ஒப்பவில்லை. சீட்டு பிடிக்கவில்லை என்று கையால் ஒழுங்குபடுத்தத் தொடங்கினால், எந்த ஒழுங்கு எந்த அளவுக்குச் சாதகம் என்பதை யாராலும் கணிக்க முடியாது. பிழையின் மதிப்பீடும் தன் பொருளை இழக்கும். கசிவுக்குத் தீர்வு வரப்பில் இருக்கிறது, வரிசையை மாற்றுவதில் இல்லை. அந்த இரண்டு பாத்திகளுக்கு நடுவே வரப்பை இன்னும் கெட்டிப்படுத்தியதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

உரக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. தழைச்சத்து மட்டுமே மாறவேண்டும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இருபது பாத்திகளுக்கும் சமமாக இருக்கவேண்டும். ஊரில் அடியுரமாகப் பரவலாகப் போடும் டிஏபியை இங்கே பயன்படுத்த முடியாது, ஏனென்றால் அதில் மணிச்சத்தோடு தழைச்சத்தும் இருக்கிறது. அதைப் போட்டால் பூஜ்யப் பாத்தி பூஜ்யமாக இராது. அதனால் மணிச்சத்து 16 சதவீதம் உள்ள சூப்பர் பாஸ்பேட் வாங்கப்பட்டது. ஹெக்டேருக்கு 40 கிலோ மணிச்சத்து என்றால் 20 சதுர மீட்டருக்கு 80 கிராம். அதற்கு 500 கிராம் சூப்பர் பாஸ்பேட். தழைச்சத்துக்கு 46 சதவீதம் கொண்ட யூரியா. 120 கிலோ அளவு ஒரு பாத்திக்கு 240 கிராம் தழைச்சத்து, 0.46ஆல் வகுத்தால் 522 கிராம் யூரியா. இது நான்கு சம பங்காகப் பிரித்து இடப்பட்டதால், ஒருமுறைக்கு ஏறத்தாழ 130 கிராம். இவ்வளவு சிறிய அளவைக் கைக்கணக்கில் போட முடியாது. ஒவ்வொரு பங்கும் தராசில் நிறுத்து, பாத்தி எண் எழுதிய தனித்தனிப் பொட்டலமாக வயலுக்குப் போனது.

மற்ற வேலைகளிலும் தொகுதி என்ற எல்லை மதிக்கப்பட்டது. நடவு, களை, அறுவடை எதையும் ஒரே நாளில் முடிக்க ஆள் போதாதபோது, ஒரு தொகுதியை முழுவதுமாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். அப்படிச் செய்தால் நாள் வேறுபாடும் ஆள் வேறுபாடும் தொகுதி வேறுபாட்டோடு சேர்ந்து, பின்னால் கணக்கில் தனியே கழிந்துவிடும். ஒரு தொகுதியைப் பாதியில் விட்டால் அந்த வேறுபாடு பிழைக்குள் புகும்.

அறுவடையில் நான்கு பக்கமும் அரை மீட்டர் ஓரப்பயிர் முதலில் அறுத்து ஒதுக்கப்பட்டது. ஓரத்துப் பயிருக்கு வெளிச்சமும் இடமும் கூடுதல் என்பதால் அது பாத்தியின் உண்மையான விளைச்சலைக் காட்டாது. மிஞ்சிய 4 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 12 சதுர மீட்டர் மட்டுமே கணக்குக்கு உரியது. நெல்லின் ஈரப்பதம் பாத்திக்குப் பாத்தி வேறாக இருந்ததால், எல்லா எடையும் 14 சதவீத ஈரத்துக்குத் திருத்தப்பட்டது. முதல் தொகுதியின் 120 கிலோ பாத்தியில் 18 சதவீத ஈரத்தில் 7.80 கிலோ கிடைத்தது. அதை 82ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் 7.44 கிலோ, ஹெக்டேருக்கு 6.2 டன். இப்படியே இருபது பாத்திகளுக்கும் வந்த விளைச்சல், ஹெக்டேருக்கு டன் கணக்கில்:

| தழைச்சத்து (கிலோ) | தொகுதி 1 | தொகுதி 2 | தொகுதி 3 | தொகுதி 4 | சராசரி |
|---|---|---|---|---|---|
| 0 | 3.7 | 3.1 | 3.1 | 2.9 | 3.2 |
| 40 | 4.3 | 4.5 | 4.3 | 3.7 | 4.2 |
| 80 | 5.3 | 5.3 | 4.5 | 4.9 | 5.0 |
| 120 | 6.2 | 5.2 | 5.4 | 5.2 | 5.5 |
| 160 | 5.3 | 5.7 | 5.5 | 5.1 | 5.4 |
| சராசரி | 4.96 | 4.76 | 4.56 | 4.36 | 4.66 |

அட்டவணையின் கடைசி வரி மேஸ்திரியின் சொல்லை உறுதிசெய்கிறது. மடையிலிருந்து வடிகாலை நோக்கி விளைச்சல் படிப்படியாக இறங்குகிறது.

மாறுபாட்டுப் பகுப்பாய்வு செய்வது ஒரு பிரிவினைதான். இருபது விளைச்சல்களும் பொதுச் சராசரியான 4.66லிருந்து விலகி நிற்கின்றன. அந்த விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 16.888 வரும். இந்த மொத்தத்தில் உர அளவால் வந்த பங்கு எவ்வளவு, தொகுதியால் வந்த பங்கு எவ்வளவு, இரண்டாலும் விளக்க முடியாத மிச்சம் எவ்வளவு என்று பிரிக்கவேண்டும். உர அளவின் பங்குக்கு, ஒவ்வோர் அளவின் சராசரியும் 4.66லிருந்து விலகும் தூரத்தை வர்க்கப்படுத்திக் கூட்டி நான்கால் பெருக்கவேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு சராசரியும் நான்கு பாத்திகளின் சராசரி. அது 14.848. தொகுதிகளுக்கும் அதேபோலச் செய்து ஐந்தால் பெருக்கினால் 1.000. மிச்சம் 1.040, அதுதான் பிழை.

| மாறுபாட்டின் மூலம் | சுதந்திரப் பாகை | வர்க்கக் கூட்டல் | சராசரி வர்க்கம் | எஃப் |
|---|---|---|---|---|
| தொகுதி | 3 | 1.000 | 0.333 | 3.85 |
| உர அளவு | 4 | 14.848 | 3.712 | 42.83 |
| பிழை | 12 | 1.040 | 0.0867 | |
| மொத்தம் | 19 | 16.888 | | |

வர்க்கக் கூட்டலைச் சுதந்திரப் பாகையால் வகுத்தால் சராசரி வர்க்கம். உர அளவின் சராசரி வர்க்கத்தைப் பிழையின் சராசரி வர்க்கத்தால் வகுத்தால் எஃப். உரத்துக்கு எந்த விளைவும் இல்லையென்றால் இந்த விகிதம் 1ஐ ஒட்டி இருக்கும். 4, 12 பாகைகளுக்கு 5 சதவீத மட்டத்தில் அட்டவணை எஃப் 3.26, கிடைத்ததோ 42.83. தழைச்சத்து விளைச்சலை மாற்றியது என்பதில் ஐயம் இல்லை. பிழையின் சராசரி வர்க்கத்துக்கு வர்க்கமூலம் எடுத்துப் பொதுச் சராசரியால் வகுத்தால் மாறுபாட்டுக் கெழு 6.3 சதவீதம் வருகிறது. நெல் விளைச்சல் ஆய்வுக்கு அது திருப்தியான அளவு.

ஆனால் எஃப் எந்த அளவு எதைவிட மேல் என்று சொல்லாது. அதற்குத்தான் கல்லூரிகளில் சி.டி. என்று வழங்கும் மாறுநிலை வேறுபாடு. பிழையின் சராசரி வர்க்கத்தை இரண்டால் பெருக்கி, தொகுதிகளின் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.208. அதை 12 பாகைக்கான டி மதிப்பு 2.179ஆல் பெருக்கினால் 0.45 டன். இரண்டு சராசரிகள் இதைவிடக் கூடுதலாக விலகியிருந்தால் மட்டுமே அந்த வேறுபாட்டை உரத்தின் கணக்கில் எழுதலாம். 80 கிலோவுக்கும் 120 கிலோவுக்கும் வேறுபாடு 0.5 டன்; வரம்பைத் தாண்டுகிறது. 120க்கும் 160க்கும் வேறுபாடு 0.1 டன், தாண்டவில்லை.

தொகுதி பிரித்ததால் கிடைத்த பயனை இங்கே எண்ணாகவே காணலாம். இதே விளைச்சல்களைத் தொகுதியே இல்லாததுபோலக் கணக்கிட்டால், தொகுதியின் 1.000 பிழையோடு சேர்ந்துவிடும். பிழை 2.040, பாகை 15, சராசரி வர்க்கம் 0.136. சி.டி. மதிப்பு 0.56 டன்னாக ஏறும். அப்போது 80க்கும் 120க்கும் இடையிலான 0.5 டன் வரம்புக்குள் விழுந்து, இரண்டும் ஒன்றே என்ற முடிவு எழுதப்பட்டிருக்கும். பயிரும் விளைச்சலும் மாறவில்லை. வரப்பு எந்தத் திசையில் கட்டப்பட்டது என்பது மட்டும் ஹெக்டேருக்கு அரை டன் நெல்லைக் கண்ணுக்குத் தெரிய வைத்தது. நாற்று நடுமுன் எடுத்த முடிவு அது. அறுவடைக்குப் பின் எந்தக் கணக்காலும் அதை ஈடுசெய்திருக்க முடியாது.

கையால் போட்ட கணக்கு பின்னர் கணினியில் சரிபார்க்கப்பட்டது. அதற்கு இவ்வளவே தேவை:

```r
d$block <- factor(d$block)
d$n     <- factor(d$n)
m <- aov(yield ~ block + n, data = d)
summary(m)
```

முதல் இரண்டு வரிகளை விட்டுவிட்டால் நிரல் தடையின்றி ஓடும். விடைதான் தவறாக வரும். 0, 40, 80 என்பவற்றை வெறும் எண்களாக எடுத்துக்கொண்டு நிரல் ஒரு நேர்கோட்டைப் பொருத்திவிடும். அதைக் கண்டுபிடிக்க விடையில் முதலில் பார்க்கவேண்டியது சுதந்திரப் பாகையைத்தான்: உர அளவுக்கு 4, தொகுதிக்கு 3, பிழைக்கு 12 இருக்கவேண்டும். 4 இருக்கவேண்டிய இடத்தில் 1 இருந்தால் காரணம் இதுவே. இன்னொரு தவறும் பாகையிலேயே தெரியும். தூர் எண்ணிக்கைக்காக ஒரு பாத்தியில் ஐந்து குத்துகளை எடுப்பார்கள். அந்த ஐந்தையும் தனித்தனி வரியாக உள்ளிட்டால் மொத்தப் பாகை 19க்குப் பதில் 99 ஆகும். உரம் இடப்பட்டது பாத்திக்கு, குத்துக்கு இல்லை. ஆகவே ஐந்தின் சராசரியே ஒரு பதிவு.

கடைசியாக மிச்சங்களைப் பார்க்கவேண்டும். உர அளவின் சராசரியையும் தொகுதியின் சராசரியையும் கூட்டிப் பொதுச் சராசரியைக் கழித்தால் ஒரு பாத்தியில் எதிர்பார்க்கப்படும் விளைச்சல் கிடைக்கும். உண்மை விளைச்சல் அதிலிருந்து விலகும் தூரமே மிச்சம். முதல் தொகுதியின் 160 கிலோ பாத்தியில் எதிர்பார்ப்பு 5.7, கிடைத்தது 5.3. வயல் குறிப்பேட்டில் அதற்கு விளக்கம் இருந்தது: கதிர் முற்றும் தறுவாயில் அந்தப் பாத்தியில் பயிர் சாய்ந்திருந்தது. வளமான மடை ஓரமும் அதிகத் தழைச்சத்தும் சேர்ந்ததால் தாள் இளகியது. இந்த அமைப்பின் எல்லை இங்கே தெரிகிறது. வளமான தொகுதி எல்லா அளவுகளையும் ஒரே அளவில் உயர்த்தும் என்பது கணக்கின் அடிப்படை அனுமானம். ஓர் அளவுக்கு மட்டும் அந்த வளம் எதிராக வேலை செய்தால், ஒரு தொகுதிக்கு ஓர் அளவு ஒருமுறையே இடம்பெறும் அமைப்பில் அதைத் தனியே பிரித்தெடுக்க வழியில்லை; அது பிழைக்குள் போய்ச் சேரும். அந்தப் பாத்தியின் விளைச்சல் நீக்கப்படவில்லை. சாய்வதும் 160 கிலோவின் விளைவுதான் என்பதால் அது அப்படியே வைக்கப்பட்டு, அறிக்கையில் காரணத்தோடு எழுதப்பட்டது.

ஐந்து சராசரிகளும் ஓர் இருபடி வளைகோட்டில் நன்றாகப் பொருந்தின. உர அளவின் 14.848இல் அந்த வளைகோடு விளக்காமல் விட்டது 0.07 மட்டுமே. கோட்டின் உச்சி ஏறத்தாழ 144 கிலோவில் வந்தது. ஆனால் 120இலிருந்து உச்சிவரை கூடுதலாக இட்ட 24 கிலோ தழைச்சத்துக்குக் கோடு காட்டிய கூடுதல் விளைச்சல் ஏறத்தாழ 60 கிலோ நெல்தான், அதுவும் சாய்ந்துபோகும் அபாயத்தோடு. அறிக்கையின் முடிவு 120 கிலோ என்று எழுதப்பட்டது, எல்லையையும் சேர்த்தே. நான்கு தொகுதிகளும் ஒரே வயலில், ஒரே பருவத்தில் இருந்தவை, அந்த 0.45 டன் வரம்பு அந்த வயலின் பிழையை மட்டுமே அளக்கிறது. மழையும் வெயிலும் வேறான இன்னொரு குறுவையிலும், வேறு மண்ணிலும் இதே ஐந்து அளவுகளை இதே முறையில் திரும்பச் செய்து ஒப்பிட்ட பிறகுதான் அதை ஒரு வட்டாரத்துக்கான பரிந்துரையாகச் சொல்லலாம்.